குடைக்குத் தண்ணீர், பெட்டிக்குக் காற்று

அக்டோபர் விடுமுறையில் கொடைக்கானல் போய்த் திரும்பும் சென்னைக் குடும்பம் ஒன்றை வைத்துக்கொள்வோம். கிளம்பும் நாளில் தூறல். மடக்குக் குடையை உதறி, உறையில் போட்டு, டிராலி பெட்டியின் பக்கப் பையில் செருகிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் துணிகளை மட்டும் எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டு, பெட்டியை அப்படியே பரணில் ஏற்றிவிடுகிறார்கள். நவம்பர், டிசம்பர் மழை முழுவதும் பெட்டி அங்கேயே கிடக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்று ஜனவரியில் இறக்கி ஜிப்பைத் திறந்தால், முதலில் முகத்தில் அடிப்பது ஈர மண் போன்ற ஒரு புளித்த வாடை. உள்துணியில் அங்கங்கே சாம்பலும் பச்சையும் கலந்த வட்டங்கள். குடையைப் பிரித்தால் மடிப்புக்கு மடிப்பு கரும்புள்ளிகள்.

இந்த நிலையில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே வைத்தியம். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ், பிறகு மொட்டைமாடி வெயில். குடைக்கு இது ஏறக்குறையச் சரியான வைத்தியம். பெட்டிக்கோ இதுதான் பூஞ்சையை நிரந்தரமாகக் குடியேற்றும் வழி. ஒரே பூஞ்சை, ஒரே மாதிரித் துணி என்றாலும் அந்தத் துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. குடைத் துணிக்கு இரண்டு பக்கமும் காற்று. பெட்டியின் உள்துணிக்கு ஒரு பக்கம் மட்டுமே காற்று. மறுபக்கம் பசை, ஃபோம், அட்டை. எதற்கு எவ்வளவு தண்ணீர் காட்டலாம் என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், மற்ற வேலைகள் தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

பாலியெஸ்டரில் என்ன சாப்பிடுகிறது?

இன்றைய குடைகளும் பெட்டிகளின் உள்துணியும் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான். இவை பூஞ்சைக்கு உணவே அல்ல. அப்படியானால் அது எதைத் தின்று வளர்கிறது? துணியின் மேல் படிந்த தூசி, கையில் இருந்து ஒட்டிய வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும், பெட்டிக்குள் சிந்திய முறுக்குத் தூள், உள்துணியை ஒட்டிய பசை, தையலில் ஓடும் பருத்தி நூல் ஆகியவைதான் அதன் சாப்பாடு. ஆகவே செயற்கை இழையில் பூஞ்சை துணியின் மேலும் இழைகளின் இடையிலும் இருக்கிறது, இழையைத் தின்பதில்லை. அழுக்கோடு சேர்த்து அதைக் கழுவி எடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

பருத்தியின் கதை வேறு. பருத்தி இழை செல்லுலோஸ். பல பூஞ்சைகளால் அதைச் செரிக்க முடியும். இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையினரின் கூடாரங்களும் துணிப் பட்டைகளும் வெகுவேகமாக மட்கிப்போயின. காரணத்தைத் தேடியவர்கள் சாலமன் தீவுத் தொடரில் கிடைத்த ஒரு பருத்திக் கூடாரத் துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை ஒன்று, செல்லுலோஸைச் சிதைக்கும் என்சைம்களைத் தாராளமாகச் சுரந்தது. பின்னாளில் அந்த ஆய்வில் ஈடுபட்ட எல்வின் ரீஸின் பெயரால் அதற்கு டிரைக்கோடெர்மா ரீஸி என்று பெயரிட்டார்கள். இன்று அதே இனத்தின் என்சைம்கள்தான் ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும் பயன்படுகின்றன. பழைய கருப்புப் பருத்திக் குடை ஈரத்தோடு கிடந்தால் ஊசித்துளைகள் விழுவதும், விரலால் இழுத்தால் கிழிவதும் இதே வகைச் செரிமானத்தின் விளைவு. அப்படிக் கிழியும் குடைத் துணியைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. கம்பியும் காம்பும் நன்றாக இருந்தால் குடை ரிப்பேர்காரரிடம் கொடுத்துத் துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

உணவு எந்த வீட்டிலும் இருக்கிறது. பூஞ்சையின் வித்துகளும் காற்றில் எப்போதும் இருக்கின்றன. மிச்சம் தேவைப்படுவது ஈரம் மட்டுமே. நனைந்த துணி 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் வித்துகள் முளைக்கத் தொடங்கிவிடும். நனையாத துணியிலும்கூட, அதைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் போதும். சென்னையில் நவம்பர் மாதத்தில் இது சாதாரணம்.

பரணில் நிலைமை இன்னும் மோசம். மழையில் ஊறிய வெளிச்சுவர் அறையைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். அறையில் 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கையில், அதே காற்று 26 டிகிரியில் இருக்கும் சுவரைத் தொட்டால் அங்கே ஈரப்பதம் 88 சதவீதம் அளவுக்கு ஏறிவிடும். அறையில் காற்றாட உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. சுவரோடு ஒட்டி வைத்த பெட்டியின் முதுகுப்பக்கத்தில் மட்டும் பூஞ்சை வளரும்.

முதலில், அது பூஞ்சைதானா?

வேலையில் இறங்குமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பழைய குடையின் உட்புறமும் சில பெட்டிகளின் உட்புறமும் பாலியூரித்தேன் பூச்சு கொண்டவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஆண்டுகள் போகப் போக இந்தப் பூச்சு வேதியியல் முறையில் சிதையும். தொட்டால் பிசுபிசுக்கும்; பிறகு வெள்ளைச் செதில்களாக உதிரும். பார்ப்பவர்கள் இதையும் பூஞ்சை என்றே நினைத்துத் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் உரியும். இதற்கு மருந்து கிடையாது.

வேறுபாடு கண்டுபிடிப்பது எளிது. பூஞ்சை வட்ட வட்டமாக, ஓரம் மங்கிய புள்ளிகளாக வரும். மேலே தூள் அல்லது மெல்லிய பஞ்சு போல இருக்கும். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தால் சாம்பலோ பச்சையோ கருப்போ துணியில் ஒட்டும். வாடையும் இருக்கும். சிதைந்த பூச்சு விரலில் பசையாக ஒட்டும், அல்லது கண்ணாடிக் காகிதம் போலத் தாளாக உரியும். மக்கிய மண் வாடை அதில் வராது.

குடை: தாராளமாகக் கழுவலாம்

முதல் வேலையை வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டும். பூஞ்சையின் வித்து கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. உலர்ந்த குடையை அறைக்குள் படக்கென்று விரித்தால் அவை அறை முழுவதும் பறக்கும். மொட்டைமாடியிலோ பால்கனியிலோ, காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு, என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு மெதுவாக விரிப்பது நல்லது. ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இந்த வேலையில் கைவைக்காமல் வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

குடையில் பூஞ்சை எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. ஈரம் கடைசியாகக் காயும் இடங்களில்தான் அடர்ந்திருக்கும். அவை நான்கு. துணி ஒன்றுகூடும் உச்சி. துண்டுகளை இணைக்கும் தையல் வரிகள். கம்பி முனைகளில் துணி கோத்திருக்கும் இடங்கள். மடக்கிக் கட்டும் பட்டை. பலரும் மறந்துவிடும் ஐந்தாவது இடம் குடையின் உறை. குடையைப் பளிச்சென்று கழுவிவிட்டுப் பழைய உறையிலேயே திரும்பப் போட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும். உறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, குடையோடு சேர்த்தே துவைக்க வேண்டும்.

மேலே தூளாக இருப்பதை முதலில் பழைய டூத் பிரஷால் மெல்லத் தட்டி விடலாம். பிறகு ஒரு வாளியில் 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் இரண்டு டீஸ்பூன் மென்மையான திரவ சோப். குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, மென்மையான பிரஷை நனைத்து, உச்சியிலிருந்து விளிம்பை நோக்கித் தையல் வரியோடு தேய்த்து வர வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு தையலுக்குள் போய் உட்காரும். முதலில் உட்புறம், பிறகு வெளிப்புறம். மரக் கைப்பிடி இருந்தால் அதை நனைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் பிறகும் கரும்புள்ளிகள் சில இருக்கும். பெரும்பாலானோர் இங்கேதான் சோர்ந்துபோய், பூஞ்சை சாகவில்லை என்று முடிவுகட்டி வீரியமான ரசாயனங்களைத் தேடுகிறார்கள். உண்மையில் பூஞ்சை வேறு, கறை வேறு. கிளாடோஸ்போரியம் போன்ற பூஞ்சைகள் தம் செல்களில் மெலனின் என்னும் கருநிறமியை வைத்திருக்கின்றன. பூஞ்சையைக் கழுவி எடுத்த பின்னும் அந்த நிறமி இழைகளில் தங்கிவிடும். வாடையில்லை, தூள் ஒட்டவில்லை, புள்ளி பெரிதாகவில்லை என்றால் அது வெறும் கறை. கருப்புக் குடையில் அதைப் பொருட்படுத்தவே தேவையில்லை.

வெளிர் நிறக் குடையில் கறையும் போக வேண்டுமானால், சலவைக்கென்று விற்கும் ஆக்சிஜன் வகை கறைநீக்கித் தூள் பொருத்தமானது. இதில் இருப்பது சோடியம் பெர்கார்பனேட். வெந்நீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும். 4 லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கரைக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும். அந்தக் கரைசலில் பழைய துண்டை நனைத்துக் கறை மேல் ஒட்டினாற்போல் போட்டு, அரை மணி நேரம் விட்டு அலச வேண்டும். இதற்கு முன் கட்டும் பட்டையின் உட்பக்கம் போன்ற மறைவான இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

தரை கழுவும் குளோரின் ப்ளீச்சைக் குடையில் ஊற்றுவது பல வழிகளில் கேடு. சாயத்தை வெளுக்கும், நைலானை மஞ்சளாக்கி வலுவிழக்கச் செய்யும், இரும்புக் கம்பியைத் துருவேற்றும், தண்ணீர் ஒட்டாத பூச்சையும் கெடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, 'வினிகரும் நல்லது, ப்ளீச்சும் நல்லது' என்று இரண்டையும் ஒன்றாகக் கலப்பது. அமிலம் பட்டதும் ப்ளீச்சிலிருந்து குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. வினிகர் மட்டும் தனியாகப் பயன்படுத்துவதில் தீங்கில்லை. சமையல் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் தெளித்து, அரை மணி நேரம் கழித்து அலசலாம். சில பூஞ்சைகளை அது அடக்கும், சிலவற்றிடம் அதன் பாச்சா பலிக்காது. சோப்பும் பிரஷும் செய்யும் வேலைக்கு அது மாற்று ஆகாது. அலசிய பின் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது. சோப்பு மிச்சமிருந்தால் அது அடுத்த பூஞ்சைக்கு உணவாவதோடு, மழைநீர் துணியில் உருண்டு ஓடுவதற்குப் பதில் உள்ளே ஊறவும் செய்யும். ஒழுகும் தண்ணீரில் நுரை அறவே இல்லாமல் போகும்வரை அலசி, குடையை முழுவதுமாக விரித்து, காற்றோட்டமான நிழலிலோ இளவெயிலிலோ வைக்க வேண்டும். துணி காய்ந்தது போலத் தோன்றினாலும் தையலும் உச்சியும் காய மேலும் சில மணி நேரம் ஆகும். அந்த இரண்டு இடங்களையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகு கம்பிகளின் மூட்டுகளில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, துணியில் படாமல் துடைத்துவிடலாம்.

பெட்டி: சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது

இப்போது பெட்டி. அதன் உள்துணியைத் தொட்டு அழுத்திப் பார்த்தால் கீழே மெத்தென்று இருப்பது ஃபோம். அதற்குக் கீழே சில பெட்டிகளில் பிளாஸ்டிக் தகடு, பழைய அல்லது மலிவான பெட்டிகளில் அட்டை. சோப்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் துணி அரை நாளில் காய்ந்துவிடும். ஆனால் ஃபோம் உறிஞ்சிய தண்ணீர் பல நாள் அங்கேயே நிற்கும். பசை இளகும், அட்டை உப்பும். பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் உணவும் இருட்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறப்பவர்களுக்கு முன்னைவிட அதிக வாடை வருவதன் காரணம் இதுதான்.

ஆகவே பெட்டியில் முதல் வேலை கழுவுவது அல்ல, காய வைப்பது. ஈரமாக இருக்கும் பூஞ்சையைத் துடைத்தால் அது துணியில் அப்பிக்கொள்ளும். காய்ந்த பூஞ்சை தூளாகி எளிதில் வந்துவிடும். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைப் பாதுகாப்பவர்கள் முதலில் உலர்த்தி, அதன் பிறகே பிரஷ் எடுப்பதும் இதனால்தான். பெட்டியை மூடியபடியே வெளியே கொண்டுபோய்த் திறந்து, பக்கவாட்டில் நிமிர்த்தி நிற்க வைத்து, பைகளின் ஜிப் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மழையில்லாத நாளில் இரண்டு நாள் காற்றாட விட வேண்டும்.

அடுத்து, பலர் கவனித்தேயிராத ஒரு ஜிப். பெரும்பாலான டிராலி பெட்டிகளின் உள்துணியில், ஓரமாக, ஒரு நீளமான ஜிப் இருக்கும். சக்கரம், இழுப்புக் கைப்பிடி ஆகியவற்றின் திருகாணிகளைக் கழற்ற வசதியாகத் தயாரிப்பவர்கள் அதை வைக்கிறார்கள். அதைத் திறந்தால் உள்துணியின் முதுகுப்பக்கமும் பெட்டியின் உட்சுவரும் தெரியும். கைபேசி விளக்கை அடித்துப் பார்க்கலாம். துணியின் முன்பக்கம் மட்டும் பூஞ்சை என்றால் வேலை சுலபம். பின்பக்கமும் புள்ளிகள், கைப்பிடிக் குழாயின் அடியில் நீர்த்தாரை, ஃபோமில் மஞ்சள் வட்டம் என்றெல்லாம் தெரிந்தால் பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்.

காய்ந்த தூளை எடுக்க வாக்குவம் கிளீனர் நல்லது, ஆனால் எல்லாம் அல்ல. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத இயந்திரம் வித்துகளை முன்னால் இழுத்துப் பின்னால் ஊதிவிடும். அப்படிப்பட்டதை வீட்டுக்குள் இயக்கக் கூடாது. இயந்திரமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய வேட்டித் துணியைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்து, இலேசாக ஈரமாக்கி, ஒற்றி ஒற்றி எடுத்து, ஒவ்வொரு துண்டையும் பயன்படுத்தியதும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடலாம்.

தூள் போன பிறகுதான் மருந்து. பெட்டிக்கு ஏற்றது சீக்கிரம் ஆவியாகும் ஆல்கஹால். மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்கலாம், அல்லது சர்ஜிகல் ஸ்பிரிட். நூறு சதவீதத்துக்கு நெருங்கிய ஆல்கஹால் இதைவிடச் சிறந்தது என்று நினைப்பதற்கில்லை. அது பூஞ்சையின் செல்லுக்குள் இறங்குவதற்கு முன்பே பறந்துவிடும். உடன் இருக்கும் தண்ணீர்தான் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து வேலை வாங்குகிறது.

பக்கப் பையின் உட்புறத்தில் தொட்டுப் பார்த்துச் சாயம் போகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின், வெள்ளைத் துணியைச் ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிய வேண்டும். நேரே பெட்டியில் தெளிப்பதும் ஊற்றுவதும் கூடாது. துணியை நான்காக மடித்து, புள்ளியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து, ஒவ்வொரு முறையும் மடிப்பைத் திருப்பிப் புதுப்பக்கத்தால் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் சின்ன வட்டம் பெரிய வட்டமாகும். புள்ளி உள்ள இடம் மட்டுமல்லாமல் முழு உள்துணியையும், ஜிப்பைத் திறந்து எட்டிய வரை அதன் பின்பக்கத்தையும், பட்டைகளையும் பைகளையும் துடைத்துவிட வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கலாகாது. வாடை போகட்டும் என்று பெட்டிக்குள் சாம்பிராணி காட்டும் வழக்கம் உள்ள வீடுகள் இந்த நாளில் அதைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

வெளிர் நிற உள்துணியில் கறை நின்றுவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதக் கரைசல். அதே அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். பஞ்சில் தொட்டுக் கறைமேல் ஒற்றி, பத்து நிமிடம் விட்டு, ஈரத்துணியால் துடைத்து, உடனே மின்விசிறிக் காற்றில் காய வைக்கலாம். அடர்நிறத் துணியில் இதை முயன்றால் கறைக்குப் பதில் வெளுத்த திட்டு கிடைக்கும்.

துடைத்து முடித்ததும் பெட்டியை விரியத் திறந்து, மேசை மின்விசிறியை அதன் எதிரே வைத்து ஒரு முழு நாள் ஓட விட வேண்டும்.

முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

இரண்டு நாள் பழகிவிட்ட மூக்கு நம்பகமான சாட்சி அல்ல. அதனால் சோதனையைத் துணியிடம் ஒப்படைக்கலாம். வாசனை எதுவுமில்லாமல் துவைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு ஜிப்பை மூடி, இரண்டு நாள் வைத்திருந்து, வெளியே எடுத்துப் பெட்டியிலிருந்து தள்ளி நின்று முகர வேண்டும். கைக்குட்டையில் வாடை ஏறியிருந்தால், எங்கோ பூஞ்சை உயிரோடு இருக்கிறது, அல்லது ஃபோமில் ஈரம் இருக்கிறது. துடைப்பதையும் காய வைப்பதையும் இன்னொரு முறை செய்து மறுபடி சோதிக்கலாம். முழுக்கச் சுத்தமான பெட்டியிலும் சிறிது பழவாடை தங்குவது உண்டு. அதற்கு ஒரு கிண்ணம் சமையல் சோடாவோ, துணியில் முடிந்த மரக்கரித் துண்டுகளோ உள்ளே வைத்து ஒரு வாரம் மூடி வைத்தால் குறையும்.

இரண்டு முறை செய்தும் கைக்குட்டையில் வாடை ஏறுகிறது என்றால் ஃபோம் அல்லது அட்டைக்குள் பூஞ்சை புகுந்துவிட்டது. கட்டை விரலால் அட்டைப் பகுதியை அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், அல்லது மேடு தட்டியிருக்கும். அப்போது துணியின் மேல் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. விலையுயர்ந்த பெட்டி என்றால் பெட்டி ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து உள்துணியையும் ஃபோமையும் உரித்தெடுத்துப் புதிதாக ஒட்டச் சொல்லலாம். இல்லாவிட்டால் கட்டிப் போட்டுவிடலாம். வெள்ளத்தில் மூழ்கிய பெட்டிக்கு யோசனையே தேவையில்லை. 2015 டிசம்பரில் சென்னை வீடுகளுக்குள் புகுந்தது போன்ற, சாக்கடை கலந்த தண்ணீரை உறிஞ்சிய ஃபோமை வீட்டில் சுத்தம் செய்ய இயலாது.

நாப்தலின் உருண்டைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் அவற்றைப் போட்டால் பூஞ்சை வராது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. நாப்தலின் பூச்சிகளுக்கானது. பெட்டியில் வளரும் பூஞ்சைக்கு அது தீர்வல்ல. வாடையை இன்னொரு வாடையால் மூடிவிடுவதால் பூஞ்சை வளர்வது தெரியாமல் போகிறது. ஜி6பிடி என்னும் என்சைம் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவி ரத்த சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. அந்த உருண்டைகளோடு இருந்த துணிகளைக் கைக்குழந்தைக்கு நேரே உடுத்துவது ஆபத்து.

திரும்ப வராமலிருக்க

கொடைக்கானல் போய் வந்த குடும்பத்துக்கே திரும்புவோம். அவர்கள் செய்ய வேண்டியிருந்தது மிகக் குறைவு. வீடு வந்த அன்றிரவு குடையை உறையிலிருந்து எடுத்து விரித்து வைத்திருந்தால், 48 மணி நேரக் கணக்கு தொடங்கியே இருக்காது. பெட்டியைத் தட்டித் தூளை உதறி ஒரு நாள் திறந்து வைத்திருந்தால், உணவும் ஈரமும் ஒருசேரக் குறைந்திருக்கும்.

சுத்தம் செய்த பெட்டியை மறுபடி பரணில் ஏற்றுவதற்கு நாள் பார்க்கலாம். மழை நாளில் மூடினால் அந்த ஈரக் காற்றையே உள்ளே பூட்டி வைப்பதாகும். வெயில் காய்ந்த நாளின் பிற்பகலில் காற்றில் ஈரப்பதம் குறைந்திருக்கும்போது மூடுவது நல்லது. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைக்கலாம். காலணிப் பெட்டியில் வரும் சிறு பொட்டலம் ஒன்று இவ்வளவு பெரிய பெட்டிக்குப் போதாது. நடுத்தரப் பெட்டிக்கு நூறு கிராம் அளவுக்கு வைப்பது உத்தமம். ஈரத்தைக் குடித்ததும் நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்றுவது என்பது பார்த்தவுடன் தெரியும். பெட்டியை நெடுநேரம் திறந்தே வைத்திருந்தால் சிலிக்கா ஜெல் அறைக் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தீர்ந்துவிடும். மூடிய பெட்டிக்குத்தான் அது பயன்படும்.

பரணில் வைக்கும்போது பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விட வேண்டும். குளியலறைச் சுவரையும் மழை அடிக்கும் வெளிச்சுவரையும் தவிர்ப்பது மேல். அடியில் இரண்டு மரச் சட்டங்கள் போட்டால் கீழேயும் காற்று போகும். தூசி படாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போடுவது வழக்கம், ஆனால் அது ஈரத்தையும் வெளியேற விடாது. பழைய பருத்திப் புடவையால் போர்த்தினால் தூசியும் படாது, காற்றும் போகும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாதத்துக்கு ஒருமுறை, மழை விட்ட நாளில் பெட்டியை இறக்கிச் சிறிது நேரம் திறந்து, மூலைகளையும் பக்கப் பையையும் முகர்ந்து பார்த்து, சிலிக்கா ஜெல்லின் நிறத்தைச் சரிபார்த்து, உடனே மூடிவிட வேண்டும். அந்தப் பக்கப் பையில் மறந்துபோன மடக்குக் குடை ஏதும் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.